அத்திரிபாச்சாவுக்கு அடிக்குறிப்பு வேண்டாம்

கேள்வி: பாட்டி சொன்ன 'அத்திரிபாச்சா கொழுக்கட்டை' கதையை, கனடாவில் வளரும் என் அண்ணன் பிள்ளைகளை மனத்தில் வைத்து ஆங்கிலத்தில் 32 பக்கப் படக்கதையாக எழுதியிருக்கிறேன். 1,400 சொற்கள் வந்திருக்கின்றன. 23 தமிழ்ச் சொற்களுக்கு அந்தந்தப் பக்கத்தின் அடியிலேயே விளக்கம் கொடுத்திருக்கிறேன். படித்துக் காட்டினால் பிள்ளைகள் பாதியில் எழுந்து போய்விடுகிறார்கள். எந்தச் சொல்லை வைப்பது, எதை விளக்குவது? பெண்டாட்டியை அடிக்கிற இடத்தை என்ன செய்வது? பிரதியை இணைத்திருக்கிறேன்.
— வாசகி, கும்பகோணம்

பதில்:

கதை இதுதான்: மாமியார் வீட்டில் தின்ற கொழுக்கட்டையின் பெயர் மறக்கக் கூடாதென்று ஒருத்தன் அதைச் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு நடக்கிறான்; வழியில் வாய்க்காலைத் தாண்டும்போது 'அத்திரிபாச்சா' என்கிறான், அதுவே வாயில் ஒட்டிக்கொள்கிறது; அது என்ன பண்டம் என்று தெரியாத பெண்டாட்டியை அடிக்கிறான்; அவள் முகம் கொழுக்கட்டை மாதிரி வீங்கியதும்தான் மறந்த சொல் திரும்பி வருகிறது. இந்தக் கதையின் சிரிப்பு எங்கே இருக்கிறது என்பதை முதலில் பிடித்துக்கொள்வோம். அவன் வீட்டுக்கு வந்து "அத்திரிபாச்சா பண்ணிக் கொடு" என்றதும் நம்மூர்ப் பிள்ளை சிரிக்கிறது. அவன் மறந்த சொல் தனக்குத் தெரியும் என்பதுதான் அதற்குக் குஷி. கொழுக்கட்டை என்ற சொல்லும் அதன் உருவமும் அந்தப் பிள்ளையிடம் ஏற்கெனவே இருப்பதால், பாட்டி அதற்காக ஒன்றும் மெனக்கெட வேண்டியதில்லை. டொரான்டோவில் இருக்கும் ஐந்து வயதுப் பிள்ளையிடம் அது இல்லை. அவன் வாய்க்காலைத் தாண்டுவதற்குள் நீங்கள் அந்தப் பிள்ளையின் வாயில் அந்தச் சொல்லை ஏற்றியிருக்க வேண்டும். விளக்கம் என்று இந்தப் புத்தகத்தில் எதற்காவது இடம் உண்டென்றால் இதற்கு மட்டும்தான். மற்ற 22 சொற்களும் இதற்குக் குறுக்கே நிற்கின்றன.

உங்கள் ஆறாம் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். மாமியார் கொழுக்கட்டையை இலையில் வைக்கிறார். சொல்லின் தலையில் ஒரு நட்சத்திரக் குறி. பக்கத்தின் அடியில் அரிசி மாவு, தேங்காய், ஜாகரி, ஆவியில் வேகவைத்தது, விநாயகர் சதுர்த்திக்குப் படைப்பது என்று ஒரே மூச்சில் ஐந்து செய்தி. மடியில் பிள்ளையை வைத்துப் படிக்கிற அப்பாவோ அம்மாவோ அங்கே என்ன செய்வார்? ஒன்று, அடியைப் படிக்காமல் தாண்டிப் போவார். பிள்ளைக்குச் சொல் விளங்காது. இல்லையென்றால் கதையை நிறுத்திவிட்டு அடியைப் படிப்பார்; பிள்ளை அதற்குள் அடுத்த பக்கத்தைப் புரட்டியிருக்கும். அடிக்குறிப்பு கண்ணால் படிக்கிறவருக்கு உகந்தது. படப்புத்தகத்தைப் பிள்ளை காதால் படிக்கிறது.

அந்தக் குறிப்பிலேயே இன்னொரு ஓட்டை இருக்கிறது: ஜாகரி. நமக்கு அது ஆங்கிலச் சொல், அந்தப் பிள்ளைக்கு அது விளங்காத இன்னொரு சொல். விளக்கத்துக்குள் விளக்கம் கேட்கிற சொல் வந்தால் அந்த விளக்கம் செத்தது. அதே போல 'டம்ப்ளிங்' என்றும் கதைக்குள் போடாதீர்கள். அங்குள்ள பிள்ளைக்கு அந்தச் சொல் கேட்டதும் இறைச்சி பொதிந்த சீனப் பலகாரமோ குழம்பில் மிதக்கிற மாவு உருண்டையோதான் கண்ணில் வரும். அப்படி ஒரு படம் மனத்தில் விழுந்துவிட்டால் கடைசியில் 'கொழுக்கட்டை மாதிரி வீக்கம்' என்பது எடுபடாது.

இதற்குப் பதிலாக, விளக்கத்தைத் தின்கிற செயலாக மாற்றிவிடுங்கள். அவன் ஒன்றைக் கையில் எடுக்கிறான், கடிக்கிறான். படத்தில் கடித்த பாதி நம் பக்கம் திரும்பியிருக்கிறது; மேலே வெள்ளைத் தோல், உள்ளே பழுப்புப் பூரணம், ஆவி. எழுத்தில் "ஒயிட் அண்ட் சாஃப்ட் அவுட்சைட், ப்ரௌன் அண்ட் ஸ்வீட் இன்சைட்" என்று ஒரே வரி. அடுத்த வரியில் அவன் கேட்கிறான், இதற்கு என்ன பெயர்? மாமியார் சொல்கிறார்: கொழுக்கட்டை. வரிசை முக்கியம். முதலில் பண்டம், பிறகு ருசி, கடைசியில் பெயர். பெயர் தெரிந்துகொள்ள ஆசை வந்தபிறகு வருகிற பெயர் தங்கும். தேங்காய், அரிசி மாவு, விநாயகர் சதுர்த்தி எல்லாம் புத்தகத்தின் கடைசிக்குப் போகட்டும்.

இப்போது சொல்லின் ஒலிக்கு வருவோம். பிரதியில் கொழுக்கட்டையை மூன்று விதமாக எழுத்துக்கூட்டியிருக்கிறீர்கள்; ஒன்றைத் தேர்ந்து எல்லாப் பக்கத்திலும் அதையே வையுங்கள். ழகரத்துக்கு 'இசட், ஹெச்' போடுவது நம் வழக்கம், மாற்ற வேண்டாம். ஆனால் தமிழ் தெரியாத வாசகர் அதை 'டெலிவிஷன்' என்பதில் வருகிற ஒலி போலப் படிப்பார். அதற்காகக் கதைக்குள் பாடம் நடத்த முடியாது. நல்லவேளையாக, இந்தச் சொல் நாலு அசையில் உடைந்தால் பெரும்பாலும் ஆங்கிலப் பிள்ளைக்குத் தெரிந்த துண்டுகளாகவே விழுகிறது: கோ, லுக், கட், டை. 'பார்', 'வெட்டு', 'கழுத்தில் கட்டுவது' ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள்தாம் கடைசி மூன்றும். தலைப்புப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இந்த நாலு துண்டையும் கொடுத்தால் படிக்கிற பெரியவர் கதை தொடங்கும் முன்பே பார்த்துக்கொள்வார். ழ போய் ல வந்துவிட்டதே என்று வருந்த வேண்டாம். நம்மவர்களிலேயே பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். நாக்கை மடிக்கிற சரியான ழகரத்தைக் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியில் சொல்லிக்கொள்ளலாம்.

ஆங்கிலத்தில் ஒரு சொல்லின் ஏதாவது ஒரு அசையை அழுத்தி, மற்றதை விழுங்கிவிடுவார்கள். நமக்கு நாலு அசையும் சமமாக விழ வேண்டும். அதை ஓவியர் பார்த்துக்கொள்வார். அவன் நடந்து போகிற பாதையில் காலடித் தடங்கள் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு தடத்துக்குள்ளும் ஒரு அசை. பிள்ளையின் விரல் தடத்தின் மேல் நகரும், வாய் சொல்லும். இதில் ஒரு வேடிக்கையும் தானாகக் கிடைக்கிறது. கொழுக்கட்டைக்கு நாலு அசை, ஆகவே ஒவ்வொரு முறையும் அதே காலில் தொடங்குகிறான், நடை சீராகப் போகிறது. அத்-தி-ரி-பாச்-சா ஐந்து அசை. ஒருமுறை வலது காலில் தொடங்கினால் அடுத்தமுறை இடது காலில் தொடங்கும். சொல் மாறியதும் நடையே இடறுகிறது. இதை யாரும் விளக்க வேண்டாம். தடங்களை அப்படி வரைந்தால் போதும்.

அத்திரிபாச்சாவை நீங்கள் 'அப்ஸி டெய்ஸி' என்று ஒரு இடத்தில் மொழிபெயர்த்திருக்கிறீர்கள், எடுத்துவிடுங்கள். பொருளே இல்லாத சொல்லுக்கு மொழிபெயர்ப்பு கிடையாது. ஒருவன் மூச்சைப் பிடித்துத் தாண்டுகிற படத்தோடு அது வந்தால் உலகத்தில் எந்தப் பிள்ளைக்கும் விளங்கும். எழுத்துக்கூட்டும்போது 'பா'வுக்கு இரண்டு 'ஏ' போடுங்கள். ஒன்று போட்டால் 'பேக்' என்பதில் வருவதுபோலக் குறுக்கிப் படிப்பார்கள்.

மீதியுள்ள சொற்களுக்கு ஒரு சல்லடை சொல்கிறேன். கதைக்குள் மூன்று தடவைக்குக் குறைவாக வருகிற தமிழ்ச் சொல் எழுத்தில் இருக்க வேண்டாம், படத்துக்குப் போகட்டும். திண்ணை ஒரு தடவை வருகிறது; ஓவியர் வரைவார், நீங்கள் 'வீட்டு வாசலில் உட்கார்ந்தான்' என்றால் போதும். வேட்டி, இட்லிப் பானை, வாழையிலை, சொம்பு, கூரை எல்லாம் அப்படியே. சல்லடையில் சிக்காத ஒரு வகை உண்டு: ஒலிச்சொற்கள். அவன் விழுகிற இடத்தில் நீங்கள் போட்டிருக்கிற ஆங்கிலச் 'ஸ்ப்ளாஷ்' சவசவ என்று இருக்கிறது. அங்கே தொபுக்கடீர் என்றே பெரிய எழுத்தில் வையுங்கள். ஒரு தடவைதான் வருகிறது, ஆனாலும் படமே அதற்கு விளக்கம்.

வாய்க்காலுக்கு மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 'கெனால்' என்றால் படகு போகிற பெரிய கால்வாய், 'சேனல்' என்றால் தொலைக்காட்சி, 'டிச்' மட்டும் போட்டால் சாக்கடை. வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற சின்ன ஓடை என்று முதல் தடவை நீட்டிச் சொல்லிவிட்டு, பிறகு வெறுமனே 'தி வாட்டர்' என்று போய்விடுங்கள்.

மாப்பிள்ளை விருந்தை விளக்க எட்டு வரி எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைக்கு வேண்டியது ஒன்றுதான்: ஏன் இவனுக்கு இவ்வளவு சாப்பாடு? 'வள்ளியின் அம்மா வீட்டில் மருமகனின் இலை காலியாக இருக்க விடமாட்டார்கள்' என்ற பொருளில் ஒரே வாக்கியம் வந்தால் வழக்கமும் சொல்லியாயிற்று, சிரிப்பும் வந்தாயிற்று. ஆமாம், பெயர் வைத்துவிடுங்கள். வாய்மொழியில் 'ஒருத்தன்' என்றால் போதும். ஆங்கிலத்தில் 'தி மேன், தி ஒய்ஃப்' என்று 26 பக்கம் ஓட்டினால் வறட்சியாக இருக்கும். முத்து, வள்ளி மாதிரி இரண்டு அசைப் பெயர்கள், ழகரம் இல்லாதவை. 'போனானாம், வந்தானாம்' என்கிற 'ஆம்' ஒலியை ஒவ்வொரு வாக்கியத்திலும் ஆங்கிலத்தில் பிடிக்கப் பார்த்திருக்கிறீர்கள். தொடக்கத்தில் ஒருமுறை 'தே சே' போதும்.

அடிக்கிற இடத்துக்கு வருவோம். நீங்கள் அதை மழுப்பி, 'அவன் கோபப்பட்டான், அவள் முகம் வீங்கியது' என்று விட்டிருக்கிறீர்கள். இது இருப்பதிலேயே மோசமான வழி. கோபத்துக்கும் வீக்கத்துக்கும் நடுவே என்ன நடந்தது என்று பிள்ளை நிச்சயம் கேட்கும், படிக்கிறவர் திணறுவார். வெட்டி எறிந்துவிடவும் முடியாது. வீக்கம் இல்லாவிட்டால் சொல் திரும்பி வர வழியில்லை. கதைக்குத் தேவை வீக்கம்தான், அடி இல்லை. அந்த வீக்கம் மறந்தவன் நெற்றியில் வரட்டும். எங்கே தொலைத்தானோ அங்கேயே தேடுகிறேன் என்று முத்து வாய்க்காலுக்கு ஓடுகிறான், மறுபடி தாண்டுகிறான், வழுக்கி விழுகிறான். நெற்றியில் புடைப்போடு வருகிறவனைப் பார்த்து வள்ளி, "ஐயோ, நெற்றி வீங்கியிருக்கே, அப்படியே..." என்கிறாள். தாண்டியதால் போன சொல் தாண்டியதாலேயே திரும்புகிறது. பழைய முடிச்சைவிட இது இறுக்கமாகவே இருக்கிறது. ஆனால் மாற்றியதை மறைக்காதீர்கள். வாய்மொழிக் கதையில் கணவன் மனைவியை அடிக்கிறான், அதை மாற்றியிருக்கிறேன் என்று பின்பக்கக் குறிப்பில் பெரியவர்களுக்கு இரண்டு வாக்கியம் எழுதுங்கள். அட்டையிலும் 'எழுதியவர்' என்பதற்குப் பதிலாக 'மறுபடி சொன்னவர்' என்று வருவது முறை.

இன்னொரு கேள்வியும் அந்தப் பிள்ளை கேட்கும்: பெயர் மறந்தால் என்ன, எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதுதானே? பாட்டியின் வேகத்தில் இது அடிபட்டுப் போகும், அச்சில் நிற்கும். ஆகவே சொல்லட்டும், ஆனால் ஒவ்வொன்றாக. வெள்ளையாக இருக்கும் என்கிறான், வள்ளி இட்லி வைக்கிறாள். உருண்டையாக இருக்கும் என்கிறான், லட்டு வருகிறது. உள்ளே இனிப்பு என்கிறான், போளி வருகிறது. மூன்றையும் அவள் சேர்த்துப் பார்ப்பதற்குள் அவன் வெளியே ஓடிவிடுகிறான். இந்த மூன்று பண்டத்தின் பெயரையும் எழுத்தில் சொல்லாதீர்கள். பிள்ளை கொழுக்கட்டை என்ற ஒரு சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிற நேரம் அது. அங்கே புதுப்பெயர் மூன்றைக் கொட்டினால் பிடி நழுவும். 'வெள்ளையாக ஒன்று செய்தாள். இது இல்லை' என்று போகட்டும். தட்டில் என்ன இருக்கிறது என்பது படம் பார்த்துத் தெரிந்த பிள்ளைக்குத் தெரியும்.

பக்கக் கணக்கு இது. 32 பக்கத்தில் முதல் மூன்று தலைப்புக்கும் உரிமைக் குறிப்புக்கும் போய்விடும். 4-5 தொடங்கி 28-29 வரை எதிரெதிர்ப் பக்கங்கள் 13 ஜோடி, அதுதான் கதை. 30-31 சொல்விளக்கமும் பெரியவர்களுக்கான குறிப்பும். 1,400 சொற்களை 13-ஆல் வகுத்தால் ஜோடிக்கு 108 வருகிறது. படம் பார்த்து முடித்த பிள்ளை மீதி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறது, எழுந்து போவது அதனால்தான். 600 சொற்களுக்குக் கொண்டுவாருங்கள், ஜோடிக்கு 46. வெட்ட வேண்டியவை எவை என்று பார்த்தால், பெரும்பாலும் படம் சொல்லப்போகிற வருணனைகள்தாம்.

46 என்பது சராசரிதான். 14-15-இல் வாய்க்கால் வருகிறது; வலப்பக்கத்தின் கடைசியில் முத்து ஒரு காலைத் தூக்கியிருக்கிறான், வாக்கியம் முடியவில்லை. புரட்டினால் 16-17 முழுக்க ஒரே சொல், அத்திரிபாச்சா. ஆள் அந்தரத்தில் இருக்கிறான். அவன் உடம்பு இரண்டு பக்கத்துக்கும் நடுவில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். தைக்கிற மடிப்பு முகத்தை விழுங்கிவிடும். அதே உத்தி 26-27-இல் வருகிறது. வள்ளி 'நெற்றி வீங்கியிருக்கே, அப்படியே...' என்பதோடு பக்கம் முடிகிறது. புரட்டும் முன் பிள்ளை கத்த வேண்டும். சொல்லை அந்தப் பக்கத்திலேயே அச்சிட்டால் பிள்ளைக்கு வேலையில்லை.

கத்த வேண்டுமென்றால் வாய்க்காலுக்கு முன்பு அந்தச் சொல் பத்துப் பன்னிரண்டு தடவையாவது வந்திருக்க வேண்டும். உங்கள் பிரதியில் நாலு தடவைதான். 12-13-ஐ இதற்கென்றே விடுங்கள். ஆடு மேய்க்கிறவர் 'சௌக்கியமா?' என்கிறார், முத்து 'கொழுக்கட்டை!' என்கிறான். கிணற்றடியில் ஒருத்தி 'எங்கே போறீங்க?' என்கிறாள், 'கொழுக்கட்டை!' வேறு எதையும் பேசினால் மறந்துவிடுமே என்ற பயம். சொல் பதிகிறது, சிரிப்பும் வருகிறது.

ஓவியர் தமிழ்நாட்டைத் தெரியாதவராக இருந்தால் எழுத்தை மட்டும் அனுப்பாதீர்கள், புகைப்படத் தாள் ஒன்று சேர்த்து அனுப்புங்கள். கொழுக்கட்டையில் பிடிகொழுக்கட்டை, பிறைவடிவம், கூம்பு முனை வைத்தது என்று பல உண்டு. உங்களுக்கு வேண்டியது கூம்பு வைத்த பூரணக் கொழுக்கட்டை, ஏனென்றால் 26-ஆம் பக்கத்துப் புடைப்பும் அதே கோட்டுருவம்தான். பக்கவாட்டில், மேலிருந்து, கடித்தபடி என்று மூன்று படம் வேண்டும். மடித்துக் கட்டிய வேட்டி, இட்லிப் பானை, வயல் வாய்க்கால் ஆகியவற்றுக்கும் படம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் ராஜஸ்தான் தலைப்பாகையும் தூரத்தில் ஒரு குவிமாடமும் வந்து சேரும்.

வரைந்து வந்தபிறகு ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். வடிவமைப்பு வசதிக்காகப் படத்தை இடவலமாகத் திருப்பிவிடுவார்கள். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் முந்தானை இடத்தோளிலிருந்து வலத்தோளுக்குப் போயிருக்கும், முத்து இடக்கையால் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். எழுத்து இல்லாத படங்களில்தான் இது கண்ணுக்குத் தப்பும்.

கடைசிச் சொல்விளக்கத்தில் இரண்டே சொல். கொழுக்கட்டைக்கு இருபது ஆங்கிலச் சொல்லுக்குள், அரிசி மாவு, தேங்காய், 'ப்ரௌன் ஷுகர்', ஆவி, விநாயகர் சதுர்த்தி; 'டம்ப்ளிங்' இங்கே வரலாம், தீங்கில்லை. அத்திரிபாச்சாவுக்கு: இதற்கு ஒரு பொருளும் இல்லை, தாண்டும்போது சொல்வது.

உரிமை பற்றி ஒன்று. பாட்டி வாயால் கேட்டதை எழுதினால் சிக்கல் இல்லை. ஆனால் நடுவில் யாருடைய தொகுப்பையாவது பார்த்து வசனமோ சம்பவமோ எடுத்திருந்தால், அந்த வார்த்தைகள் தொகுத்தவருடையவை. இந்தியச் சட்டப்படி அவர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை நிற்கும். ஆடு மேய்க்கிறவர் மாதிரி சேர்ப்பவை உங்கள் கற்பனையாகவே இருக்கட்டும்.

திருத்தியதை அண்ணன் பிள்ளைகளிடம் நீங்களே படித்துக் காட்டாதீர்கள். உங்கள் குரலும் கையும் எழுத்தில் இல்லாததையெல்லாம் நிரப்பிவிடும். தமிழ் தெரியாத அவர்களுடைய பள்ளித் தோழனுக்கு, தமிழ் தெரியாத அவன் அம்மாவோ அப்பாவோ படிக்கட்டும்; அண்ணன் ஓரமாக உட்கார்ந்து இரண்டே இடத்தைக் குறித்துக்கொள்ளட்டும். 20-21-இல் முத்து 'அத்திரிபாச்சா பண்ணு' என்றதும் பையன் மறுத்துச் சொல்கிறானா? 26-27-இல் பக்கம் புரட்டுமுன் வாய் திறக்கிறானா? முதல் இடத்தில் சும்மா இருந்தால் சொல் பதியவில்லை, 12-13-இல் இன்னொருவரை வழியில் நிறுத்துங்கள். முதல் இடத்தில் பேசி இரண்டாம் இடத்தில் திகைத்தால் சொல் இருக்கிறது, உருவம் இல்லை. ஆறாம் பக்கத்துக் கொழுக்கட்டையைப் பெரிதாக வரையச் சொல்லுங்கள்.